ஸ்பீக்கர் நோட்ஸ் தமிழில் நீளுது, 20 நிமிடத்துக்குள் எப்படி அடக்குவது?

தாம்பரம்: சென்னைக் குடிநீர் பற்றிய ஆங்கில ஸ்லைடுகளை நோட்ஸோட மொழிபெயர்க்கிறேன். பேச்சு 20 நிமிடம். தமிழில் வாசிச்சுப் பார்த்தா 26 வருது. எதை வெட்டறது?

பெரம்பூர்: சொற்களை எண்ணுங்க. நிமிடத்துக்கு 130 சொல்னு வெச்சு, ஸ்லைடுக்கு ஸ்லைடு பிரிச்சுடுங்க. அதுக்குமேல போற இடத்துல வெட்டினா போதும்.

மயிலாப்பூர்: ஸ்லைடுக்கு ஸ்லைடு பிரிப்பது சரி. ஆனால் 130 ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் சொல் குறையும், ஒவ்வொரு சொல்லும் நீளும். இதைப் பாருங்கள்:

"2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் வழங்கிவரும் நான்கு முக்கிய ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலுமாக வறண்டுபோயிருந்தன என்பதை இந்த வரைபடத்தில் நாம் காணலாம்."

18 சொல். உங்கள் கணக்கில் 8 விநாடி. நிதானமாக வாய்விட்டுப் படித்தால் 11 ஆகும். '2019ஆம் ஆண்டு' மட்டுமே இரண்டு விநாடி தின்னும். இலக்கமாக எழுதியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சொல்லை விட்டுவிட்டு ஸ்டாப்வாட்சை எடுங்கள்.

வெட்டும்போது முதலில் ஸ்லைடிலேயே எழுதியிருப்பதைத் தூக்குங்கள். ஏரிகள் எவை என்று அங்கேயே இருக்கிறது. அடுத்து 'என்பதை நாம் காணலாம்'. மிஞ்சுவது: "இந்தக் கோட்டைப் பாருங்க. 2019 ஜூன். நாலு ஏரியும் வறண்டு கிடக்குது." இடைநிறுத்தத்தோடு 6 விநாடி. ஆனால் 'ஏறத்தாழ' போய்விட்டது! பூண்டியில் கொஞ்சம் தண்ணீர் இருந்ததே என்று அவையில் ஒருவர் கேட்டால் பேச்சாளர் மாட்டிக்கொள்வார். 'கிட்டத்தட்ட' என்று திரும்பச் சேருங்கள், ஒரு விநாடிதான். அளவைக் குறிக்கும் சொல்லில் மட்டும் கைவைக்காதீர்கள்.

அண்ணாநகர்: வீடியோ சப்டைட்டிலுக்கு நாங்க வரிக்கு இத்தனை எழுத்துனு வரம்பு வைப்போம். அதையே இங்கேயும் வைக்கலாமே?

மயிலாப்பூர்: அது கண் வாசிக்கும் வேகத்துக்கான வரம்பு. இங்கே வாய் பேசும் வேகம்தான் கணக்கு.

வேளச்சேரி: எங்கே கிளிக் பண்ணணும்னு நோட்ஸில் போட்டிருக்கிற கிளிக் குறியையும் கவனிங்க. ஆங்கிலத்தில் வினை முன்னாடியே வந்துடும்; 'சரிந்தது' தமிழில் கடைசியில்தான் வரும். குறியைப் பழைய இடத்திலேயே விட்டா, கோடு சரிஞ்சு முடிஞ்ச பிறகும் பேச்சாளர் ஏரிப் பெயரையே சொல்லிட்டு இருப்பார். குறியை வினைக்கு முன்னாடி நகர்த்துங்க.

இன்னொண்ணு. ஆங்கிலத்தில் PowerPoint-ல Rehearse Timings போட்டுச் சேமிச்ச கோப்புன்னா அந்த விநாடிகள் நகலிலும் இருக்கும். தமிழில் பாதி வாக்கியத்துலயே ஸ்லைடு தானா மாறிடும். Slide Show தாவலில் Use Timings டிக்கை எடுத்துடுங்க.

தாம்பரம்: டிக் இருந்துச்சு, எடுத்துட்டேன். வெட்டினதுல 22க்கு வந்திருக்கு. நோட்ஸைப் பேச்சுத்தமிழில் எழுதலாமா? பேச்சாளர் மேடையில் எழுத்துத்தமிழ்தான் பேசுவாராம்.

மயிலாப்பூர்: அப்படியானால் எழுத்துத்தமிழ்தான். அவர் வாயில் வராததை எழுதினால் மேடையில் மனசுக்குள் மாற்றிக்கொண்டு தடுமாறுவார். மீதி 2 நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடையே விடச் சொல்லிக் கேளுங்கள்.

பெரம்பூர்: ஸ்லைடை எடுக்கிற உரிமை மொழிபெயர்க்கிறவங்களுக்கு இருக்கா? எனக்கு ஒப்புதல் இல்லை.