கலைச்சொல் தேவை: குறுக்கெழுத்துக் கட்டத்தை இடம் மாறாமல் படியெடுப்பதற்கு

எழில், மதுரை

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தாத்தா வார இதழ்களில் வந்த குறுக்கெழுத்துப் புதிர்களைக் கத்தரித்துக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டி, பேனாவால் நிரப்பி வைத்திருக்கிறார். தாள் பொடியத் தொடங்கிவிட்டதால் பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருக்கிறோம். படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய மூன்று பேரிடம் ஒரே பக்கத்தைக் கொடுத்தேன். மூன்று வெவ்வேறு பிரதிகள் வந்தன. ஒருவர் விடைகளை மட்டும் வரிசையாக எழுதியிருந்தார். இன்னொருவர் கட்டம் போட்டார், ஆனால் எண்களைத் தாமே இட்டுக்கொண்டார். மூன்றாமவர் தாத்தாவின் தவறுகளைத் திருத்தி அனுப்பினார்! அவருக்கு நான் நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

குறிப்பு எண்கள், தலைப்புகள், எழுதிய எழுத்துகள் எல்லாம் எந்தக் கட்டத்தில் இருந்தனவோ அங்கேயே இருக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு சொல் வேண்டும். ‘தட்டச்சு’ என்றால் இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் யோசித்தது ‘இடங்காக்கும் எழுத்துப்பெயர்ப்பு’. ஆனால் எழுத்துப்பெயர்ப்பு என்றால் வேறு மொழி எழுத்தில் எழுதுவது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு மூலையில் இருந்த சின்னப் புதிர் இது. குறிப்புகள்:

இடமிருந்து வலம்: 1. பச்சை நிற நவமணி
வலமிருந்து இடம்: 3. அலை ஓயாதது, 4. பால் தரும்
மேலிருந்து கீழ்: 1. முருகன் ஏறுவது, 2. பலர் கூடினால் உண்டாகும்
கீழிருந்து மேல்: 4. சென்னைக்கும் இந்தப் பெயர் உண்டு

பொறியன்

இதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கறுப்புக் கட்டங்கள் எங்கே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எண்களை நிரல் இட்டுவிடும். விதி எளியது: மேல் வரிசையிலிருந்து இடமிருந்து வலமாகப் போக வேண்டும், ஒரு சொல் தொடங்கும் கட்டம் வந்தால் அடுத்த எண். விடைச் சொல்லை ஒரே சரமாகக் கொடுத்தால் ஒருங்குறி விதிப்படி எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கட்டங்களில் நிரப்பிவிடலாம். ‘யி’ இரண்டு குறியீட்டு எண்களால் ஆனதுதான், ஆனாலும் ஒரே எழுத்தாகவே எண்ணப்படும். எனவே ‘தானியங்கு கட்டநிரப்பல்’ என்பது என் பரிந்துரை.

பஞ்சாங்கம்

வணக்கம். தலைப்பைப் பார்த்ததும் ஜாதகக் கட்டம் என்று நினைத்துவிட்டேன். வயதின் கோளாறு. இருந்தாலும் சொல்கிறேன். நம் பக்கத்து ராசிக்கட்டத்தில் பன்னிரண்டு வீடுகளுக்கும் பெயர் எழுதுவதில்லை. மேல் வரிசையில் இடப்பக்க மூலை மீனம், அதற்கு அடுத்தது மேஷம் என்று இடமே பெயர். என் பேத்தி ஒருமுறை என் ஜாதகத்தைக் கணினியில் ஏற்றுகிறேன் என்று ‘சூ, பு, சு, ல’ என வரிசையாக எழுதி வந்தாள். எழுத்து ஒன்றுகூட விடவில்லை. ஆனால் எந்தக் கிரகம் எந்த வீட்டில் என்பது போய்விட்டது. இப்படி எழுதினால் எனக்கு லக்னமே இல்லையம்மா என்றேன். நாங்கள் இதைக் ‘கட்டம் எழுதுவது’ என்றுதான் சொல்வோம். உங்களுக்கு உதவுமா என்று தெரியவில்லை.

தாழை

பஞ்சாங்கம் ஐயா தவறிப் போய்ச் சரியான கதவைத் தட்டியிருக்கிறார். இடமே பெயர் என்பதுதான் விஷயம்.

பொறியன் சொன்ன எண் விதி ஆங்கிலப் புதிர்களுக்குப் பொருந்தும். நம் வார இதழ்ப் புதிருக்கு நான்கு திசை உண்டு. வலமிருந்து இடம் போகும் சொல்லுக்கு எண் அதன் வலக்கோடியில் நிற்கும், கீழிருந்து மேல் போகும் சொல்லுக்கு அடியில் நிற்கும். எழில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நான் எழுதியது:

```
| 1:ம | ர | 2:க | த | ம்  |
| யி  | # | ல   | # | ?   |
| ல்  | ட | 3:க | # | ட   |
| #   | # | ம்  | # | ட்  |
| #   | # | #   | . | 4:ப |
```

கறுப்புக் கட்டத்துக்கு `#`, எழுதாமல் விட்டதற்கு `.`, எழுதியிருந்தும் படிக்க முடியாததற்கு `?`. பின்னிரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒன்று தாத்தா நிறுத்திய இடம், மற்றது நம் கண் தோற்ற இடம். நேர்க்கோடுகளும் அழகுக்கு அல்ல. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல, வெற்றிடம் விட்டு நேராக்கினால் இன்னொரு திரையில் வரிசை குலைந்துவிடும்.

இந்தக் கட்டத்துக்குப் பொறியனின் நிரல் எண் இட்டால் என்ன ஆகும்? 1, 2 சரியாக விழும். 3 முதல் வரிசையின் கடைசிக் கட்டத்துக்குப் போகும், 4 மூன்றாம் வரிசையின் முதல் கட்டத்துக்கு. கடைசி வரிசை நான்காம் கட்டத்தில் 5 என்று ஒன்று முளைக்கும். தாளில் 5 என்ற எண்ணே கிடையாது. மூன்றாம் வரிசையை ‘ல் ட க’ என்று பார்க்கிறவர் உளறல் என்று நினைப்பார். 3 எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் அது வலமிருந்து வரும் ‘கடல்’.

சரத்தைப் பிரிப்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருங்குறியின் பொது விதி ‘ரிக்ஷா’வை ரி, க், ஷா என மூன்றாக்கும். புதிர் போட்டவர் ‘க்ஷா’வை ஒரே கட்டத்தில் வைத்திருந்தால் அந்தச் சொல்லுக்கு இரண்டு கட்டங்கள்தான். ‘ஸ்ரீ’யையும் அந்த விதி ஸ், ரீ என்று இரண்டாக்கிவிடும். எது ஒரு கட்டம் என்பதைப் புதிர் போட்டவர் தீர்மானித்தார், விதி அல்ல. படத்தை மட்டும் நம்புங்கள்.

அடுத்து, இரண்டாம் வரிசையில் இருக்கும் ‘ல’. விடை ‘கழகம்’ ஆக இருக்க வேண்டும். தாத்தா ‘கலகம்’ என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டத்தின் இரு பக்கமும் கறுப்பு என்பதால் குறுக்கே வந்து காட்டிக்கொடுக்க வேறு சொல் இல்லை. பலர் கூடினால் கலகமும் உண்டாகும்தானே, அவரைக் குறை சொல்ல முடியாது. திருத்தியவர் அழித்தது இந்தச் செய்தியைத்தான்.

இனி சொல். கல்வெட்டுத் துறையில் ‘மைப்படி’ என்று ஒன்று உண்டு. ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பது. எழுத்து, சிதைவு, வரி எல்லாம் இருந்த இடத்திலேயே வரும். அதைப் படித்து எழுதுவது அடுத்த வேலை. அந்த வழியில் நான் முன்வைப்பது கட்டப்படி. கட்டத்தின் படி அது, கட்டத்தின்படி எடுத்ததும் கூட. திருத்தி, நிரப்பி, சரியான விடையோடு தருவதை ‘விடைப்பாடம்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

பொறியன்

வலமிருந்து இடம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் ஆங்கிலப் புதிர்களோடுதான் வளர்ந்தேன். புதிர்களைச் சேமிக்கும் `ipuz` கோப்பு வடிவத்திலும் இந்தப் பிரிவினை இருக்கிறது: அச்சிட்ட கட்டம் `puzzle`, ஆள் இதுவரை நிரப்பியது `saved`, சரியான விடை `solution`. அப்படியென்றால் கட்டப்படி முதல் இரண்டும் சேர்ந்தது, விடைப்பாடம் மூன்றாவது. பழைய `.puz` கோப்பு வேண்டாம், அதில் கட்டத்துக்கு ஒரு பைட்தான், நம் ‘யி’ உள்ளே நுழையாது.

ஆனால் ‘கட்டப்படி’யைக் கேட்டால் ‘சட்டப்படி’ போல ஒலிக்கிறது. தட்டச்சில் ஓர் எழுத்து தவறினால் நீதிமன்றத்துக்குப் போய்விடும். ‘கட்டப்பிரதி’ என்றால் என்ன?

இன்னொன்று: தலைப்புகளைச் சுருக்கமாகக் ‘குறுக்கு’, ‘நெடுக்கு’ என்று வைத்தால் போதாதா?

வல்லை, யாழ்ப்பாணம்

குறுக்கு, நெடுக்கு என்று மாற்றினால் திசை தொலைந்துவிடும். ‘குறுக்கு 3’ என்றால் எந்தப் பக்கமிருந்து? தாளில் உள்ள தலைப்பை அப்படியே எழுதுங்கள்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகைப் புதிர்களில் இன்னொரு தொல்லை உண்டு. குறிப்பின் முடிவில் ‘குழம்பியுள்ளது’ என்று போடுவார்கள். விடை எழுத்துகள் இடம் மாறித்தான் கட்டத்தில் வரும். நான் பழைய புதிர் ஒன்றை நண்பர் ஒருவரிடம் எழுதக் கொடுத்தேன். ‘வானம்’ என்பது ‘ன, வா, ம்’ என்று கிடந்தது. அவர் ஒழுங்காக்கிவிட்டார். உடனே ‘ன’வின் வழியாகக் கீழே இறங்கிய சொல் உடைந்தது. அதையும் திருத்தப் போய் மூன்றாவது சொல்லையும் கெடுத்தார். எனக்குச் சொல்லைப் பற்றிப் பெரிய கருத்து இல்லை. ‘குழம்பியுள்ளது’ என்ற குறிப்பை யாரும் வெட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தாழை

தலைப்பு பற்றி வல்லை சொன்னதே சரி. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரில் திசைத் தலைப்புகளே இல்லை. தொடங்கும் எண், முடியும் எண் என இரட்டை எண்ணால் ஒவ்வொரு குறிப்பையும் அடையாளம் காட்டினார். அதைப் படியெடுக்கிறவர் நமக்குப் பழகிய தலைப்புகளைச் சேர்த்தால் அது வின் செய்த புதிராக இருக்காது. அதே கட்டத்தில் ‘FUN’ என்ற சொல்லை அச்சிலேயே கொடுத்திருந்தார். எனவே அச்சிட்ட எழுத்தையும் கையால் எழுதியதையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டும். அதற்கு நான் இன்னும் எதுவும் யோசிக்கவில்லை.

பிரதி என்றால் ஒளிநகலும் பிரதிதான். படியும் அப்படித்தானே என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் ‘படியெடு’ என்ற வினை கையோடு வருகிறது. ‘கட்டப்படி எடுத்தாள்’ என்று எழுதிப் பாருங்கள், இயல்பாக இருக்கிறது. ‘கட்டப்பிரதி செய்தாள்’ என்பதில் ஏதோ இடறுகிறது.

பஞ்சாங்கம்

‘கட்டப்படி’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் சொன்னால் ஜாதகத்துக்குத்தான் என்று நினைப்பார்கள். அதற்கும் பொருந்தும் என்பதால் நான் மறுக்கவில்லை.

எழில், மதுரை

மிக்க நன்றி. அறிவுறுத்தல் தாளின் தலைப்பில் ‘கட்டப்படி’ என்று எழுதிவிட்டேன். கீழே ஒரே வரி: ‘எழுத்து, எண், தலைப்பு எதையும் நகர்த்தாதீர்கள், திருத்தாதீர்கள்.’ ‘கட்டப்பிரதி’யை ஆதரிப்பவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள், நான் பிடிவாதக்காரி அல்ல.

நேற்று அதே பக்கத்தை மூவரிடமும் திரும்பக் கொடுத்தேன். இருவருடையது தாழை அவர்கள் எழுதியதோடு அப்படியே ஒத்தது. மூன்றாமவர் `.` இருக்க வேண்டிய கட்டத்தில் ‘சு’ எழுதியிருந்தார். கேட்டால், “பசு என்று தெரிந்த பிறகு எப்படி வெறுமையாக விடுவது?” என்கிறார்.

இன்னொரு சந்தேகம். `?` போட்ட கட்டத்தை மூலத் தாளில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதலில் ‘ன’ எழுதி, அதன் மேலேயே ‘ண’ என்று சுழியைக் கூட்டியிருக்கிறார். இப்போது அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? எழுதி மாற்றிய கட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டா?