மாக்அப்பில் தாள் விளிம்பு பட்டை பட்டையாகத் தெரிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஞாயிறு வெளியீட்டு அறிவிப்புக்காக ஒரு கவிதைத் தொகுப்பின் மாக்அப்பை பிளெண்டரில், சைக்கிள்ஸில் செய்கிறோம். டெமி அளவு, 176 பக்கம், 70 ஜிஎஸ்எம் தாள். 88 தாளுக்கு 0.09 மி.மீ. வீதம், இரண்டு அட்டையும் சேர்த்து முதுகு 8.5 மி.மீ. ஆயத்த பிஎஸ்டியில் முதுகு 25 மி.மீ. தடிமனாக இருந்ததால் அதை விட்டுவிட்டோம். மெலிந்த புத்தகத்தைக் குண்டாகக் காட்டினால் வாங்குபவர் ஏமாறுவார்.

அட்டை சரியாக வந்துவிட்டது. மேட் லேமினேஷனுக்கு Roughness 0.55, தலைப்பின் ஸ்பாட் யுவிக்கு 0.1. பக்கவாட்டில் ஏரியா லைட் வைத்ததும் எழுத்து மட்டும் பளிச்சிடுகிறது.

சிக்கல் தாள் விளிம்பில்தான். Wave Texture-இல் 88 கோடுகள். 8640 பிக்சலில் தெளிவு. 1080-க்குச் சுருக்கினால் விளிம்புக்குக் கிடைப்பது சுமார் 30 பிக்சல்தான், அதனால் மூன்று நான்கு தடித்த பட்டைகள் விழுகின்றன. சாம்பிளை 128-லிருந்து 1024 ஆக்கியும் மாறவில்லை. டீநாய்சரை நிறுத்தினாலும் அதேதான். கோடுகளை எடுத்துவிட்டு, நீட்டிய Noise Texture போட்டால் தெர்மாகோல் கட்டி போல வழவழவென்று இருக்கிறது.

1080 பிக்சல் படத்தில் 8 மி.மீ. விளிம்பு தாள் அடுக்காகவே தெரிய, எத்தனை கோடுகளை எந்த முறையில் போடுகிறீர்கள்?