புதுப்பிப்பு: சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் மருந்துக்கடை வேலை, அறிவிப்புக்கு வந்த கேள்விகளுக்குப் பதில்

"டி.பார்ம் முடிச்சிட்டேன், கவுன்சில் பதிவு இன்னும் வரல. ராத்திரி ஷிஃப்ட்ல தனியா நிக்கலாமா?"

தனியாக நிற்க முடியாது தம்பி. பதிவு வரும்வரை பில், ரேக், காலாவதி பார்ப்பது, இன்சுலின் ஃப்ரிட்ஜ் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம், மாதம் 13,000. தமிழ்நாடு மருந்தாளுநர் கவுன்சில் பதிவு எண் வந்ததும் 18,000. காலை 8 முதல் 4, மதியம் 2 முதல் 10 என இரண்டு ஷிஃப்ட்.

கடை லைசென்ஸ் சுவரில் மாட்டியிருந்தால் போதும் என்றார் ஒருவர். அது கடைக்கு. சீட்டு மருந்து கொடுக்கும்போது பதிவு பெற்றவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆல்பிரசோலம், செஃபிக்சிம் மாதிரி எச்1 பட்டியல் மருந்து என்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும்; அதை 3 வருடம் வைத்திருக்கணும். ராத்திரி ஒன்பது மணிக் கூட்டத்தில் விட்டுப்போவது அந்த வரிதான். மறுநாள் ஸ்டாக்கில் ஒரு அட்டை இடிக்கும்.

பதிவுச் சான்று புதுப்பித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன சீனியர் அண்ணனுக்கு நன்றி, அசலை வாங்கிப் பார்ப்பேன்.

பி.பார்ம் படிக்கும் மகளுக்குக் கேட்ட அக்கா, அது பயிற்சி, வேறு விஷயம், போனில் பேசுவோம். ஏற்காட்டிலிருந்து வருகிறேன் என்றவருக்குக் காலை ஷிஃப்ட் தரலாம். 10 மணிக்கு மேல் மலையேறுவது சரிவராது. ஞாயிறு யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.