வாடகை வீட்டுச் சுவத்துல இருக்கற டிவி கேபிள் வழியா மாடிக்கு நெட்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க வெளிநாட்டுக் குழு

பாலக்கோடு, இப்ப நியூஜெர்சி
வணக்கம்ங்க. மூணு அடுக்கு டவுன்ஹவுஸ் ஒண்ணு வாடகைக்கு எடுத்திருக்கோம். ஃபைபர் நெட்தான். ரவுட்டர் கீழ ஹால்ல இருக்கு, வேலை பார்க்கற ரூம் மூணாவது மாடியில. வைஃபை அங்க வந்து சேர்றதுக்குள்ள செத்துப் போவுது, மீட்டிங்ல பேச்சு விட்டு விட்டுக் கேக்குது. சுவத்தை ஓட்டை போடக்கூடாதுன்னு ஓனர் கண்டிப்பா சொல்லிட்டார். ஒவ்வொரு ரூம்லயும் பழைய டிவி கேபிள் மாட்டற மரையோட வட்டமான சாக்கெட் ஒண்ணு இருக்கு. அதை வெச்சு நெட் இழுக்கலாம்ங்கறாங்களே, நிஜமா?

பென்னாகரம், டெட்ராய்ட்
தம்பி, அந்தக் கேபிள்ல டிவி கம்பெனிக்குத் தனியா மாசக் கட்டணம் கட்டணும். தமிழ் சேனல் பேக் தனிக் காசு. நெட்ல ஆப் போட்டுப் பாக்கறதே லாபம்.

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
அண்ணா, அவர் சேனல் கேக்கலை. சுவத்துக்குள்ள சும்மா கிடக்கற கேபிளை லேன் ஒயர் மாதிரி பயன்படுத்தறதைக் கேக்கறார்.

பாலக்கோட்டாரே, நிஜம்தான். அதுக்குன்னே மோக்கா அடாப்டர்னு ஒண்ணு விக்குது. கடையில MoCA 2.5ன்னு போட்டுத் தேடுங்க. ரெண்டு அடாப்டர் வேணும், கீழ ஒண்ணு மேல ஒண்ணு. ஜோடி 100 டாலருக்கு மேலதான் வரும். உங்களுது ஃபைபர்ங்கறதால வேலை சுலபம், ஏன்னா அந்தக் கேபிள்ல இப்ப வேற எதுவும் ஓடலை.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கராஜ், பேஸ்மென்ட், துணி துவைக்கற இடம், எங்கயாவது எல்லா ரூம் கேபிளும் ஒண்ணா வந்து சேரும். பெரும்பாலும் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள்ள, ஒரு கேபிளைப் பலதாப் பிரிக்கற ஸ்பிளிட்டர்ல மாட்டியிருக்கும். அதைக் கண்டுபிடிச்சு எத்தனை கேபிள், எங்கெங்க மாட்டியிருக்குன்னு போட்டோ போடுங்க. அந்த இடம் தெரியாம அடாப்டர் வாங்கினா பாதிப் பேருக்குப் பச்சை லைட்டே எரியாது.

பாலக்கோடு, இப்ப நியூஜெர்சி
கராஜ் சுவத்துல பெட்டி இருக்குங்க. அஞ்சு கேபிள். ஒண்ணு வெளியில இருந்து வருது. மீதி நாலுல மூணு ஸ்பிளிட்டர்ல மாட்டியிருக்கு, ஒண்ணு சும்மா தொங்குது. எதுலயும் பேர் எழுதலை.

அரூர் கேபிள்
நான் ஊர்ல லைன் பாக்கற ஆள். அங்கத்து சாமான் தெரியாது, ஆனா கோஆக்சியல், அதான் இந்த டிவி கேபிள், எங்கயும் ஒண்ணுதான். முதல்ல கேபிள் முனையில இருக்கற ஒவ்வொரு எஃப் கனெக்டரையும் கழட்டிப் பாருங்க. நடுவுல இருக்கற காப்பர் கம்பி கனெக்டர் விளிம்புக்கு வெளிய ஒரு 3 மில்லி நீட்டிக்கிட்டு நிக்கணும். குட்டையா இருந்தா சாக்கெட்டுக்குள்ள தொடாது. அப்புறம் உள்ள வெள்ளை ரப்பர் மேல ஷீல்டு கம்பி ஒரே ஒரு இழை, தலைமுடி மாதிரி, காப்பர் மேல சாஞ்சு கிடக்கும். அது பட்டா ஷார்ட். லைன்ல பாதி கம்ப்ளெய்ன்ட் இதுதான்.

மூணு மாடின்னா சிக்னல் விழும். பெட்டியிலயே ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுடுங்க, அதோட பிரச்சினை முடிஞ்சுது.

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
கனெக்டர் பத்தி அண்ணன் சொன்னதை அப்படியே செய்ங்க. ஆம்ப்ளிஃபயர் மட்டும் வேண்டாம்ங்கண்ணா. டிவிக்கு சிக்னல் ஒரே திசையில, தெருவுல இருந்து ரூமுக்கு வருது. அதுவும் சுமார் 1000 மெகாஹெர்ட்ஸுக்குள்ள. மோக்கா ஓடறது 1125ல இருந்து 1675 வரைக்கும், ரூமுக்கு ரூம் ரெண்டு திசையிலயும். சாதாரண ஆம்ப்ளிஃபயர் நடுவுல நின்னா அது சுவர் மாதிரிதான். பழைய வீடுகள்ல பெட்டிக்குள்ள ஏற்கனவே ஒரு ஆம்ப்ளிஃபயர் கரண்ட் ஒயரோட இருக்கும். லைட் எரியாததுக்கு முதல் காரணமே அதுதான். 30 மீட்டர் ஆர்ஜி6 கேபிள்ல இந்த அலைவரிசைக்கு 8, 9 டிபிதான் போவும். அதை அடாப்டர் சாதாரணமாத் தாங்கும்.

அரூர் கேபிள்
ஓ, ரிட்டர்ன் பாத் இல்லாத ஆம்ப் கதையா? புரியுது. ஆனா ஸ்பிளிட்டர்ல ஒரு அவுட்ல இருந்து இன்னொரு அவுட்டுக்கு சிக்னல் தாண்டக்கூடாதுன்னுதானே செய்றாங்க? அப்ப ரூமுக்கு ரூம் எப்படிப் போவும்?

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
சரியான கேள்விண்ணா. தாண்டறப்ப நிறைய இழக்கும், ஆனாலும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவே போதும்ங்கற அளவுக்கு அடாப்டர் செஞ்சிருக்காங்க. 5-1675MHzன்னு அச்சடிச்ச ஸ்பிளிட்டர்ல இந்த வழி கொஞ்சம் தாராளமா இருக்கும். 5-900ன்னு போட்ட பழசுல அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆனா இவருக்கு ஸ்பிளிட்டரே வேண்டாம். ரெண்டே ரூம்தானே? கீழ் ஹால் கேபிளையும் மேல் ரூம் கேபிளையும் ஒரு ஜாயின்ட்டர் போட்டு நேரா இணைச்சுட்டாப் போதும். ரெண்டு பக்கமும் மரை இருக்கற சின்னக் குழல், ஒரு டாலர் ரெண்டு டாலர். வெளியில இருந்து வர்ற கேபிளைத் தொடாம தனியா விட்டுடுங்க. அப்ப பக்கத்து வீட்டுக்கு சிக்னல் போற கவலையும் இல்லை, அதைத் தடுக்கற ஃபில்டரும் தேவையில்லை.

எந்தக் கேபிள் எந்த ரூம்னு கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும், சாக்கெட்ல மூடி மாதிரி திருகற ஒரு 75 ஓம் டெர்மினேட்டரும் வாங்குங்க. கராஜ்ல எல்லாக் கேபிளையும் ஸ்பிளிட்டர்ல இருந்து கழட்டிடுங்க. ஹால் சாக்கெட்ல டெர்மினேட்டரைத் திருகுங்க. திரும்ப வந்து ஒவ்வொரு கேபிள்லயும் நடுக் கம்பிக்கும் வெளிக் கனெக்டருக்கும் நடுவுல ஓம் பாருங்க. எதுல 75ல இருந்து 80க்குள்ள காட்டுதோ அது ஹால். மத்ததெல்லாம் திறந்த லைன்னு காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தா, அண்ணன் சொன்ன முடி இழை, இல்லைன்னா சுவத்துக்குள்ள யாரோ இன்னொரு ஸ்பிளிட்டரை ஒளிச்சு வெச்சிருக்காங்க.

பாலக்கோடு, இப்ப நியூஜெர்சி
செஞ்சேன்ங்க. ஹால் கிடைச்சுது, 77 காட்டுது. மேல் ரூம் சாக்கெட்ல டெர்மினேட்டரை மாட்டிட்டு வந்தா நாலு கேபிள்லயும் திறந்த லைன்தான்.

அரூர் கேபிள்
தம்பி, மேல ஃபேஸ் பிளேட்டைக் கழட்டுங்க. ரெண்டு ஸ்க்ரூதான். பின்னாடி கேபிள் மாட்டாம தொங்கும் பாருங்க. பெயின்ட் அடிக்க வர்றவங்க கழட்டினா திரும்ப மாட்ட மாட்டாங்க.

பாலக்கோடு, இப்ப நியூஜெர்சி
அண்ணா, அதேதான்! கேபிள் பெட்டிக்குள்ள சுருட்டி வெச்சிருக்கு. மாட்டினேன். கராஜ்ல சும்மா தொங்கினதுதான் மேல் ரூமாம், இப்ப 79 காட்டுது. ஜாயின்ட்டர் போட்டுட்டேன். அடாப்டர் நாளைக்கு வருது.

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
கையால இறுக்கினப்புறம் 7/16 ஸ்பேனரால கால் சுத்து. அதுக்கு மேல போனா சாக்கெட் உள்ளயே சுத்திக்கும்.

கீழ, ரவுட்டரோட லேன் போர்ட்ல இருந்து முதல் அடாப்டருக்கு ஒயர். வெளி நெட் உள்ள வர்ற வேன் போர்ட்ல குத்திடாதீங்க. அடாப்டர்ல இருந்து சுவத்துக்குக் கோஆக்சியல். மேல, சுவத்துல இருந்து ரெண்டாவது அடாப்டர், அங்கிருந்து கம்ப்யூட்டர். மேல வைஃபையும் வேணும்னா பழைய ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் மோடுக்கு மாத்தி மாட்டுங்க.

ஒண்ணு முக்கியம். சில கம்பெனி தர்ற ரவுட்டர்லயே மோக்கா உள்ள இருக்கும், பின்னாடி கோஆக்சியல் சாக்கெட் தெரியும். அப்படின்னா கீழ அடாப்டரே வேண்டாம், நேரா ரவுட்டரைச் சுவத்துல மாட்டுங்க. அதையும் மாட்டி, அடாப்டரையும் லேன்ல மாட்டினா, ஒரே ரவுட்டருக்கு ரெண்டு வழி ஆகிச் சுத்திக்கிட்டே இருக்கும், வீட்டு நெட் மொத்தமும் நின்னுடும்.

மத்தூர், சிங்கப்பூர்
ஊர்ல அப்பா அம்மா வீட்டுலயும் கேபிள் மாடிக்குப் போவுது, மொட்டை மாடியில டிஷ். அங்க இதை மாட்டினா மேல் ரூமுக்கு நெட் கிடைக்குமா?

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
மாட்டாதீங்க. டிஷ்ல இருந்து வர்ற சிக்னல் 950ல இருந்து 2150 மெகாஹெர்ட்ஸ், மோக்கா மேலயே வந்து விழும். ரெண்டும் கெடும். போதாததுக்கு செட்டாப் பாக்ஸ் அந்தக் கேபிள் வழியாவே டிஷ்ஷுக்கு 13 இல்லைன்னா 18 வோல்ட் கரண்ட் அனுப்புது.

அரூர் கேபிள்
ஊர் வீட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு? நம்ம வீடுகள்ல ரூம் ரூமாக் கேபிள் கிடையாது. ஜன்னல் ஓரமா கேட்6 ஒயர் இழுத்துப் பைப் போட்டு மூடிடலாம், ஒரு நாள் வேலை. ஓட்டை போட அங்க யார் தடுக்கறா?

பாலக்கோடு, இப்ப நியூஜெர்சி
லைட் ரெண்டுலயும் எரியுது! மீட்டிங் இப்ப விடலை. ஆனா ஸ்பீடு 94லயே நிக்குது. கட்டறது 1 கிகாபிட்டுக்கு. கேபிள் பழசுங்கறதாலயா?

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
94ன்னா கோஆக்சியலைச் சந்தேகப்படாதீங்க. கோஆக்சியல் கெட்டிருந்தா 300, 410ன்னு தாறுமாறா ஏறி இறங்கும். 94ல ஆணி அடிச்ச மாதிரி நின்னா, எங்கயோ ஒரு லேன் ஒயர் 100 மெகாபிட்ல பேசுதுன்னு அர்த்தம். எட்டுக் கம்பியில நாலு மட்டும் தொடுது. ரெண்டு பக்க லேன் ஒயரையும் புதுசு போட்டுப் பாருங்க. அப்புறம் கீழ ஒரு லேப்டாப்பை ரவுட்டர்ல ஒயரோட மாட்டி, ரெண்டு கம்ப்யூட்டர்லயும் iperf3ங்கற வேகம் அளக்கற புரோகிராமைப் போட்டு, வெளி நெட்டைச் சேர்க்காம வீட்டுக்குள்ள மட்டும் அளங்க. கீழ முதல் வரி, மேல மத்த ரெண்டும். 192.168ன்னு வர்ற நம்பர் கீழ் லேப்டாப்போட ஐபி, உங்களுதைப் போட்டுக்கோங்க.

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.20
iperf3 -c 192.168.1.20 -R
```

பாலக்கோடு, இப்ப நியூஜெர்சி
அடாப்டரோட வந்த ஒயர் ஒண்ணுதான் கோளாறு. மாத்தினதும் ரெண்டு திசையிலயும் 940. அரூர் அண்ணனுக்கும் காவேரிப்பட்டணத்தாருக்கும் ரொம்ப நன்றி.

ஊத்தங்கரை, டொரொன்டோ
எங்களுக்கு நெட்டே கேபிள் கம்பெனியோடது, மோடம் அந்தக் கேபிள்லதான். இதையும் சேர்த்து மாட்டலாமா? தெரிஞ்சவங்க வீட்டுல மாட்டினதும் மோடம் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆவுதாம்.

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
மாட்டலாம்க்கா, ஆனா ஜாயின்ட்டர் கதை உங்களுக்கு ஆகாது. ஸ்பிளிட்டர் வேணும், அதுவும் 1675 வரைக்கும் போட்டது. கம்பெனி கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல, முதல் ஸ்பிளிட்டரோட இன் பக்கத்துல, விரல் அளவு மோக்கா ஃபில்டர் ஒண்ணு திருகணும். உங்க சிக்னல் தெருவுக்குப் போகாம அது தடுக்கும், திருப்பி உள்ளயே அனுப்பும். காலியா இருக்கற அவுட்ல எல்லாம் 75 ஓம் டெர்மினேட்டர்.

மோடம் ரீஸ்டார்ட் ஆகறதுக்கு ஒரு காரணம் இது: புது மோடம்கள் 1218 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், மோக்கா 1125லயே ஆரம்பிச்சுடுது. மோடத்துக்குப் பின்னாடி இன்னொரு ஃபில்டர் போட்டா பெரும்பாலும் அடங்கும். உங்க கம்பெனி 1002க்கு மேல சேனல் வெச்சிருந்தா மட்டும் ஃபில்டர் அதையும் வெட்டிடும். முதல்ல அதைக் கேட்டுக்கோங்க.

ஊத்தங்கரை, டொரொன்டோ
நாங்க இருக்கறது அபார்ட்மென்ட். கேபிள் எல்லாம் கீழ பூட்டின ரூமுக்குப் போவுது, சாவி மேனேஜர்கிட்ட. ஃபில்டர் எங்க போடறது?

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
உங்க வீட்டுக்குள்ளயே ஒரு ஸ்பிளிட்டர் இருந்தா அங்க போடலாம், ஷெல்ஃப் பின்னாடி, எலக்ட்ரிக் பேனல் பக்கத்துல தேடிப் பாருங்க. இல்லைன்னா மேனேஜரைத்தான் கேக்கணும். ஃபில்டர் இல்லாம மாட்டினா ஒரே கட்டடத்துல இன்னொரு வீட்டு அடாப்டரும் உங்களோடதும் ஒண்ணு சேர்ந்துக்கற வாய்ப்பு இருக்கு. மாட்டித்தான் ஆகணும்னா அடாப்டர் செட்டிங்ல ரெண்டுலயும் ஒரே பாஸ்வேர்டு வைங்க, அப்ப வெளியாள் உள்ள வர முடியாது.

பென்னாகரம், டெட்ராய்ட்
பாஸ்வேர்டு வெச்சாலும் ரெண்டு வீட்டு சிக்னலும் ஒரே கம்பியில மோதாதா?

காவேரிப்பட்டணம், டல்லாஸ்
மோதும்ண்ணா, ரெண்டு பேருக்கும் வேகம் குறையும். எவ்வளவுங்கறது அந்தப் பூட்டின ரூம்ல எந்த ஸ்பிளிட்டர் இருக்குங்கறதைப் பொறுத்தது. அக்கா, மேனேஜர் கதவைத் திறந்தா ஸ்பிளிட்டர் மேல இருக்கற எழுத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க.