காரணமில்லாத ஒரு புதன்கிழமைக் குறிப்பு: அனுப்பலாமா, எப்படி எழுதலாம்?

கரூர்க்காரன்:
ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மா, இவர்களோடு வீட்டை முழுவதும் நடத்துவது என் மனைவிதான். பிறந்தநாள், திருமண நாள் எதுவும் இல்லாத வரும் புதன்கிழமையில் அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு குறிப்பு அனுப்ப நினைத்து இப்படி எழுதியிருக்கிறேன்: "நீ இல்லாமல் இந்த வீடு ஒரு நாளும் ஓடாது. எல்லாவற்றையும் தனியாகத் தாங்குகிறாய். நீ எங்கள் குலதெய்வம்." இது போதுமா? திடீரென்று அனுப்பினால் சந்தேகப்படுவாள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பழைய தபால்:
தம்பி, நண்பர்கள் சொல்வதுதான் சரி. எங்கள் தலைமுறையில் வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பும்போது இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வருவோம், அதில் எல்லாம் அடங்கிவிடும். என் மனைவிக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வேலைநாள் நடுவில் கணவனிடமிருந்து உருக்கமாக ஒரு செய்தி வந்தால், வேலை போய்விட்டதோ, எங்காவது கடன் வாங்கிவிட்டாரோ என்றுதான் ஒரு பெண்ணின் மனம் முதலில் போகும். திருமண நாள் வரை பொறுத்திருந்து ஒரு காஞ்சிப் பட்டு எடுத்துக் கொடுங்கள்.

நெய்தல்:
குடும்ப நல ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். பழைய தபால் ஐயா சொல்லும் பயம் உண்மையானதுதான், ஆனால் அது புதன்கிழமையால் வருவதில்லை, எழுதப்பட்டிருக்கும் வரிகளால் வருகிறது. கரூர்க்காரரே, உங்கள் மூன்று வாக்கியங்களையும் பக்கத்து வீட்டுக்காரர் தம் மனைவிக்கு ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்பலாம். யாருக்கும் பொருந்தும் உருக்கமான பாராட்டு வந்தால்தான், இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று படிப்பவருக்குத் தோன்றும். அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைப் பற்றி வந்தால், செய்தி எதைப் பற்றியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

எந்தக் காரியம் என்பதுதான் கடினமான இடம். சமையலை எல்லோரும் பார்க்கிறோம், தட்டில் வந்துவிடுகிறது. கண்ணில் படாதது அதற்கு முன்னால் நடக்கும் யோசனை. அலிசன் டேமிஞ்சர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த யோசனை வேலையைத் தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, பிறகு நடந்ததா என்று கண்காணிப்பது என்று பிரித்துப் பார்த்தார். முடிவெடுக்கும்போது தம்பதியர் பெரும்பாலும் சேர்ந்துகொள்கிறார்கள், முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியிடமே இருக்கின்றன என்று அவர் கண்டார். அவர் பேசியது அமெரிக்கத் தம்பதியரிடம், ஆனாலும் என்னிடம் வந்த குடும்பங்களில் நான் கண்டதும் அதுதான்.

உங்கள் அம்மாவின் இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மேலே பனி உறையும் பகுதியில் வைத்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெரும்பாலான வகைகளைத் திறந்த பிறகு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குமேல் பயன்படுத்தக் கூடாது, அதனால் திறந்த தேதியை யாரோ ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். தீர்வதற்கு முன்பே அடுத்தது வீட்டில் இருக்க வேண்டும், ஊசி போட்ட பிறகு அம்மாவுக்கு உணவு தாமதமாகக் கூடாது. ஊசி போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மற்றவற்றைப் பார்த்திருக்க வழியில்லை. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

வரவு செலவு:
நெய்தல் சகோதரி சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் அடிப்படையை விட்டுவிடுகிறார். 2019-ஆம் ஆண்டு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்கள் ஊதியமில்லாத வீட்டு வேலைக்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். இந்த இடைவெளியை ஒரு வாட்ஸப் செய்தியால் அடைக்க முடியாது. பாராட்டு என்பது பல வீடுகளில் சம்பள உயர்வு கேட்பவருக்குக் கொடுக்கும் சான்றிதழைப் போலத்தான் பயன்படுகிறது. குறிப்பை அழித்துவிட்டு, புதன்கிழமை சமையலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் நண்பரே.

நெய்தல்:
எண்கள் சரி, ஆனால் அவை அந்த நாளில் வீட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி. பெண்களில் 81.2 விழுக்காட்டினர் செய்திருந்தார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே உண்மையான இடைவெளி நீங்கள் காட்டியதைவிடப் பெரியது, உங்கள் வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. நீங்கள் சொல்லும் தீர்வில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு நாள் சமைக்க இறங்கும் ஒருவர் புளி எந்த டப்பாவில் இருக்கிறது, அம்மாவுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, சின்னவள் காரம் சாப்பிடுவாளா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கை வேலைதான் மாறும், நினைவு வேலை மனைவியிடமே தங்கி, கூடுதலாக விளக்கம் சொல்லும் வேலையும் சேரும். எடுத்துக்கொள்வதானால் ஒரு பொறுப்பை நினைவில் வைத்திருப்பது உட்பட முழுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் குறிப்பை அழிக்க வேண்டிய தேவை என்ன என்பது எனக்கு விளங்கவில்லை.

மாடித்தோட்டம்:
வீட்டை நடத்துபவள் நான், ஆகவே பெறுபவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் கணவர் இப்படி ஒன்றை எழுதி, குடும்பத்தார் அனைவரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டார். நாத்தனார்கள் கைதட்டும் படங்களாக அனுப்பினார்கள், மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஏனென்றால் "தனியாகத் தாங்குகிறாள்" என்ற சொல் அவர் செய்யும் வேலையை இல்லாமல் ஆக்கிவிட்டது. கரூர்க்காரரின் வரைவிலும் அதே சொல் இருக்கிறது, அம்மா அதே வீட்டில் இருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குறிப்பு உங்கள் மனைவியின் எண்ணுக்கு மட்டும் போகட்டும், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்.

குலதெய்வத்தையும் எடுத்துவிடுங்கள். தெய்வத்துக்குக் காய்ச்சல் வராது, இன்று முடியவில்லை என்று சொல்லவும் தெய்வத்துக்கு வாய்ப்பில்லை. அப்படிப் புகழப்பட்ட பிறகு ஒரு நாள் கடையில் இட்லி வாங்கி வரச் சொல்வதற்கே தயக்கமாக இருக்கும்.

திருச்சி கிழக்கு:
எங்கள் வீட்டில் மனைவி வங்கியில் பணிபுரிகிறார், வீட்டை நடத்துவது நான். அவர் ஒருமுறை எனக்கு எழுதிய குறிப்பு நெய்தல் சொல்வது போலத் துல்லியமாகவே இருந்தது. பால் கணக்கில் நான் கண்டுபிடித்த வித்தியாசம், மகனின் பள்ளி வேன் கட்டணத்தைத் தவணையாகப் பேசி மாற்றியது, ஏசி வாரங்களில் மின் கணக்கீட்டை நான் குறித்து வருவது என்று வரிசையாக எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது அலுவலகத்தில் மேலாளர் எழுதும் ஆண்டு மதிப்பீட்டைப் போலத்தான் இருந்தது. இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாரா, அப்படியானால் நான் விட்டுவிட்டவற்றையும் பார்த்திருப்பாரே என்றுதான் தோன்றியது. துல்லியமாக எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை.

நெய்தல்:
இது நல்ல எதிர்ப்பு. பட்டியலாக வரும்போது அது கண்காணிப்பாகிவிடுகிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று மதிப்பெண் போடாமல், அதனால் எழுதுபவருக்கு என்ன கிடைத்தது என்று சொன்னால் அந்த மேலாளர் தொனி பெரும்பாலும் விலகிவிடும். உங்கள் மனைவியின் குறிப்பில் மூன்று காரியங்கள் இருந்தன, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவற்றால் அவருக்கு என்ன நேர்ந்தது என்பது ஒன்றில்கூட இல்லை.

பழைய தபால் ஐயாவுக்கும் ஒரு சொல். திருமண நாளில் பாராட்டு எதிர்பார்க்கப்படுகிறது, வராவிட்டால்தான் செய்தி. குமார், எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்கு ஏற்படக்கூடிய சங்கடத்தை மிகையாகவும், மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். ஆனால் அந்த ஆய்வு ஒரே வீட்டில் வாழும் தம்பதியரை மட்டும் வைத்துச் செய்யப்பட்டதல்ல, ஆகவே அதை உங்கள் மீது அப்படியே திணிக்க மாட்டேன்.

பழைய தபால்:
ஆய்வு செய்தவர்கள் என் வீட்டம்மாவைக் கேட்கவில்லை அல்லவா, அது போதும். ஆனால் அம்மாவின் மனம் நோகக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னது சரியான சொல்.

கரூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. பெரியவளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தபோது எனக்குத் தெரியாத ஒன்று கிடைத்தது. மாற்றி எழுதியிருக்கிறேன்:

"எனக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் பகலில் நம் வீட்டு அழைப்பு மணி அடிப்பதில்லை. நீ காலையிலேயே அதன் சுவிட்சை அணைத்துவிடுகிறாய் என்று பெரியவள் சொன்னாள். சிலிண்டர் கொண்டுவருபவரையும் கதவைத் தட்டாமல் உன் போனுக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாயாம். அந்த வாரங்களில் நான் மதியம் வரை எழாமல் தூங்குகிறேன், இரவு மெஷினுக்கு முன்னால் கண் செருகாமல் நிற்கிறேன். அது எப்படி முடிகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. பதில் எழுத வேண்டாம்."

அம்மாவின் இன்சுலின் பொறுப்பை அடுத்த மாதம் முதல் நானே முழுவதும் ஏற்கலாம் என்றிருக்கிறேன். அதையும் இதில் எழுதலாமா?

மாடித்தோட்டம்:
இது அவருக்கு மட்டுமே போகக்கூடிய குறிப்பு. கடைசி வரியை மட்டும் நீக்குங்கள், உத்தரவு போல இருக்கிறது. அனுப்பும் நேரமும் முக்கியம். காலையில் வேன் வரும் நேரத்தில் போனால் அடுப்படியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். மதியம் பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் வீடு திரும்புவதற்கு முன் இருக்கும் அந்த அரைமணி நேரத்தில் அனுப்புங்கள்.

திருச்சி கிழக்கு:
நான் கடைசி வரியை வைத்திருப்பேன். பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலைதான் எனக்கு அன்று முதலில் வந்தது.

நெய்தல்:
இன்சுலினைக் குறிப்பில் சேர்க்காதீர்கள். வாக்குறுதி சேர்ந்தால் அவர் மனம் அதை நோக்கித் திரும்பிவிடும், உண்மையில் செய்வாரா, நான் நினைவூட்ட வேண்டியிருக்குமா என்று யோசிக்கத் தொடங்குவார். அதைத் தனியாக நேரில் பேசுங்கள். மருந்துச் சீட்டு, கடைக்காரரின் எண், இப்போதுள்ள குப்பி திறந்த தேதி ஆகியவற்றை ஒரே முறை கேட்டு வாங்கிக்கொண்டு, தேதி நினைவூட்டலை உங்கள் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

வரவு செலவு:
வரிசைதான் தவறு என்கிறேன். முதலில் இரண்டு குப்பிகளாவது அவர் நினைவூட்டாமல் நீங்கள் வாங்கி வைத்த பிறகு இந்தக் குறிப்பை அனுப்புங்கள், இல்லையென்றால் அது முன்பணமாகிவிடும்.

நெய்தல்:
இரண்டு குப்பிக்குள் இரண்டு மாதம் போய்விடும். அழைப்பு மணிக்கான நன்றியை அவர் பெறுவதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் காரணம் எதுவும் காட்டவில்லை.

வரவு செலவு:
எத்தனையோ ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் மணியை அணைத்து வைத்தவர் இரண்டு மாதம் பொறுக்க மாட்டாரா என்ன?

கரூர்க்காரன்:
இந்தப் புதன்கிழமையே அனுப்புகிறேன். கடைசி வரியை எடுத்துவிட்டேன்.