லட்சம், கோடி காற்புள்ளியோடு எண் தெரிய வேண்டும். ஆனால் கூட்டல் பூஜ்யம் ஆகிறது

தஞ்சைக் கணக்கு
மாத அறிக்கையில் கிளைவாரியாக நிகர வரவைக் காட்ட வேண்டும். எக்செலில் 11,240,500 என்று வருவதை மேலாளர் ஏற்கவில்லை. 1,12,40,500 என்று தெரிய வேண்டும் என்கிறார். அதனால் பக்கத்து நெடுவரிசையில் இப்படி எழுதினேன்:

```
=TEXT(B2,"##\,##\,##\,##0")
```

பார்வைக்குச் சரியாக வந்தது. ஆனால் அந்த நெடுவரிசையை SUM செய்தால் 0 வருகிறது. நான்கு கிளைகளின் தொகைகள்: 34,56,780, 1,12,40,500, 87,250, நான்காவது கிளையில் நட்டம், மைனஸ் 6,25,000. மொத்தம் 1,41,59,530 வந்தாக வேண்டும். தவிர, 87,250 இருக்கும் கலத்தில் ",,87,250" என்று முன்னால் இரண்டு காற்புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. என்ன செய்வது?

ஓசூர் வாசன்
இதற்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை. விண்டோஸின் Control Panel-இல் Region, அதில் Additional settings சென்று, Digit grouping என்ற இடத்தில் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எக்செலை மூடித் திறந்தால் வழக்கமான `#,##0` வடிவமே லட்சம், கோடியாகக் காட்டும். நான் பல வருடங்களாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தஞ்சைக் கணக்கு
செய்து பார்த்தேன், என் கணினியில் அருமையாக வருகிறது. ஆனால் கோப்பை மேலாளருக்கு அனுப்பினால் அவர் திரையில் பழையபடி 11,240,500 தான்.

தணிக்கை மேசை
வாசன் சொன்னது தவறில்லை, ஆனால் அந்த அமைப்பு கணினியோடு நின்றுவிடும், கோப்போடு பயணிக்காது. அறிக்கை பல கைகளுக்குப் போகிறதென்றால் காற்புள்ளி கலத்தின் வடிவத்திலேயே இருக்க வேண்டும்.

முதலில் TEXT நெடுவரிசையை அழித்துவிடுங்கள். TEXT எதைத் திருப்பித் தந்தாலும் அது எழுத்துச் சரம். SUM அதைத் தாண்டிப் போய்விடும். இனி ஐயம் வந்தால் அந்தக் கலங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். Count மட்டும் தெரிந்து Sum தெரியவில்லை என்றால் அங்கே ஓர் எண்கூட இல்லை என்று பொருள்.

இப்போது மூல எண்கள் இருக்கும் B நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Ctrl+1 அழுத்தி, Custom என்பதில் இதை இடுங்கள்:

```
[>=9999999.5]##\,##\,##\,##0;[>=99999.5]##\,##\,##0;##,##0
```

கோடிக்கு ஒரு பகுதி, லட்சத்துக்கு ஒரு பகுதி, மீதிக்கு ஒரு பகுதி. லட்சத்துக்குக் கீழே 87,250 என்பது இரண்டு முறையிலும் ஒன்றுதான், அதனால் மூன்றாவது பகுதிக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். சாய்கோடு போட்ட காற்புள்ளியை எக்செல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் அப்படியே அச்சிடும். அதனால்தான் உங்கள் 87,250-க்கு முன்னால் காற்புள்ளிகள் வந்து நின்றன. சாய்கோட்டை விட்டுவிட்டால் `##,##,##0` என்று நீங்கள் எப்படிப் பிரித்து எழுதினாலும் விண்டோஸ் அமைப்பை மாற்றாத கணினியில் அது மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும்.

புதுவை மாணவி
ஐயா, நான் பார்த்த இடங்களில் எல்லாம் `[>=100000]` என்றுதான் இருந்தது. நீங்கள் ஏன் 99999.5 என்று போடுகிறீர்கள்?

தணிக்கை மேசை
நல்ல கேள்வி அம்மா. ஒரு கலத்தில் 99999.60 இருக்கிறது என்று வையுங்கள். நிபந்தனையைச் சோதிக்கும்போது எக்செல் உண்மையான மதிப்பைப் பார்க்கும். அது லட்சத்துக்குக் குறைவு, ஆகவே மூன்றாவது பகுதிக்குப் போகும். ஆனால் காட்டும்போது பைசாவை முழுமையாக்கி 100,000 என்று அச்சிடும். பக்கம் முழுவதும் லட்சக் கணக்கில் இருக்க, அந்த ஒரு கலம் மட்டும் மாறி நிற்கும். வட்டிக் கணக்கில் இதை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் பைசாவையும் இரண்டு இடம் காட்டுவதாக இருந்தால் எல்லையை 99999.995 என்று வைக்க வேண்டும்.

தஞ்சைக் கணக்கு
மிக்க நன்றி. மொத்தம் 1,41,59,530 என்று சரியாக வந்துவிட்டது. நட்டக் கிளை மட்டும் மேலாளர் திரையில் -625,000 என்று காட்டுகிறது.

கோவை நூற்பாலை
எனக்கும் இதே தேவைதான். இயக்குநர் குழுவுக்கு எல்லாவற்றையும் லட்சத்தில் காட்ட வேண்டும், அதாவது 34,56,780 என்பது 34.57 என்று. வடிவத்தின் கடைசியில் காற்புள்ளி போட்டால் சுருங்கும் என்கிறார்கள். எத்தனை போட வேண்டும்?

தணிக்கை மேசை
கோவை நண்பரே, உங்களுடையது வேறு கேள்வி. கடைசிக் காற்புள்ளி ஒவ்வொன்றும் ஆயிரத்தால் வகுக்கும். ஒன்று போட்டால் ஆயிரம், இரண்டு போட்டால் பத்து லட்சம். நடுவிலிருக்கும் லட்சத்தை அதனால் தொட முடியாது. `=B2/100000` என்று தனி நெடுவரிசை வைத்து, தலைப்பில் "ரூ. லட்சத்தில்" என்று எழுதுவதே நேர்மையான வழி.

தஞ்சை நண்பருக்கு: ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைகள்தான் எழுதலாம், இரண்டையும் நாம் செலவழித்துவிட்டோம். மைனஸ் எண்கள் எல்லாம் மூன்றாவது பகுதியில் விழுகின்றன. ஆகவே மைனஸுக்கு Conditional Formatting வேண்டும். இரண்டு விதிகள் அமையுங்கள். Format அழுத்தினால் வரும் சாளரத்தில் Number தாவலில் Custom இருக்கிறது. மதிப்பு -9999999.5 அல்லது அதற்குக் கீழே என்றால்:

```
0;-##\,##\,##\,##0
```

மதிப்பு -99999.5 அல்லது அதற்குக் கீழே என்றால்:

```
0;-##\,##\,##0
```

கோடி விதி பட்டியலில் மேலே இருக்க வேண்டும். கோடியைத் தாண்டிய நட்டத்துக்கு இரண்டு விதிகளும் பொருந்தும், மேலே இருப்பதே வெல்லும். தலைகீழாக வைத்தால் -1,25,00,000 என்று வர வேண்டியது -125,00,000 என்று வரும். அதைக் கொண்டே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

தஞ்சைக் கணக்கு
-6,25,000 என்று வந்துவிட்டது! எங்கள் அலுவலகத்தில் நட்டத்தை அடைப்புக்குறிக்குள் காட்டுவது வழக்கம். அதனால் `0;(##\,##\,##0)` என்று மாற்றிக்கொண்டேன். ஒரு லட்சத்துக்குக் கீழான நட்டத்துக்கும் `0;(##,##0)` என்று மூன்றாவது விதி ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன்.

ஓசூர் வாசன்
இந்தக் கோப்பை csv ஆகச் சேமித்து வேறொரு மென்பொருளில் ஏற்றுவோர் கவனிக்கவும். எக்செல் திரையில் தெரிவதைத்தான் csv-இல் எழுதும். போன மாதம் நான் ஏற்றிய கோப்பில் "34,56,780" என்று மேற்கோள் குறிக்குள் காற்புள்ளியோடு போய், எல்லா வரிகளும் நிராகரிக்கப்பட்டன. இப்போது சேமிக்கும் முன் தாளை நகலெடுத்து, விதிகளை நீக்கி, நெடுவரிசையை General ஆக்கிவிடுகிறேன்.

புதுவை மாணவி
ஏற்கெனவே உரையாக வந்துவிட்ட பழைய மாதக் கோப்புகள் என்னிடம் பத்துக்கும் மேல் இருக்கின்றன. மீட்க முடியுமா?

தணிக்கை மேசை
முடியும். காற்புள்ளியைக் குழு பிரிப்பான் என்று சொல்லிவிட்டால் அது எங்கே இருந்தாலும் நீக்கிவிடும்:

```
=NUMBERVALUE(C2,".",",")
```

வந்த விடைகளை நகலெடுத்து மதிப்பாக மட்டும் ஒட்டி, பிறகு மேலே சொன்ன வடிவத்தை இடுங்கள். ஆனால் TEXT முழு ரூபாயாக்கிய எண்ணில் பைசா திரும்பி வராது. மூலக் கோப்பு இருந்தால் அதிலிருந்தே எடுப்பது மேல்.

கோவை நூற்பாலை
நூறு கோடியைத் தாண்டினால் இந்த வடிவம் 123,45,67,890 என்று காட்டுகிறது. 1,23,45,67,890 என்று வர வேண்டாமா?

தணிக்கை மேசை
முதல் பகுதியில் இடக்கோடியில் உள்ள குறிகள் மீதி இலக்கங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கின்றன. நூற்று இருபத்து மூன்று கோடி என்று படிப்பதால் எனக்கு 123,45,67,890 தான் பழக்கம். உங்களுக்கு மற்றது வேண்டுமென்றால் 999999999.5-க்கு மேல் `##\,##\,##\,##\,##0` என்று இன்னொரு விதி சேருங்கள்.

ஓசூர் வாசன்
விண்டோஸ் அமைப்பில் 1,23,45,67,890 என்றுதான் வருகிறது. என் கண்ணுக்கு அதுவே சரி.