நாய் கடித்த அன்று தம்பிக்கு இரண்டு வகை ஊசி: அதே கேள்வி மாதிரித் தேர்விலும் வந்தது

கொய்யாமரம்:
பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் என் தம்பியைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் ஆழமாக இறங்கி ரத்தம் வந்தது. அம்மா உடனே குழாயடியில் உட்காரவைத்து சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். பிறகு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே முதலில் இரண்டு மேற்கையிலும் தோலுக்குள் மெல்லிய ஊசி போட்டார்கள். போட்ட இடம் சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பியது. சரி, முடிந்தது என்று எழுந்தோம். "இன்னும் இருக்கு, உட்காருங்க" என்றார் நர்ஸ். தம்பியை எடைமெஷினில் ஏற்றினார்கள். 32 கிலோ. அப்புறம் வேறொரு மருந்தைக் கடிபட்ட காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் நாலைந்து இடத்தில் குத்திச் செலுத்தினார்கள். அவன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. 3, 7, 28 ஆகிய நாட்களில் திரும்ப வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: 'வெறிநாய் கடித்தவருக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தருவது ஏன்?' கண்ணால் பார்த்த விஷயம்தானே என்று நம்பிக்கையோடு எழுதினேன். இரண்டும் ஆன்டிபாடிதான், ஒன்று கைக்கு, ஒன்று காயத்துக்கு என்று எழுதிவிட்டேன். ஐந்து மதிப்பெண்ணில் ஒன்று கிடைத்தது. உங்களில் யாருக்காவது இந்த ஊசி அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இது உண்மையாகவே புரிய வேண்டும்.

வார்டு அக்கா:
தங்கச்சி, இருபது வருஷத்துக்கு மேல் நாய்க்கடி ஊசி போடும் இடத்தில் வேலை பார்த்தவள் நான். உன் தம்பிக்குக் கையில் போட்டதில் ஆன்டிபாடியே கிடையாது. அது கொல்லப்பட்ட ரேபிஸ் வைரஸ். உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அதைப் பார்த்து ஆன்டிபாடி தயாரிப்பது தம்பியின் சொந்த பி செல்கள். அதற்கு நாள் பிடிக்கும். முதல் ஊசியிலிருந்து ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும், ரத்தத்தில் தேவையான அளவு வருவதற்கு.

அந்த இடைவெளியில் காயத்தில் இருக்கும் வைரஸ் சும்மா இருக்காது. தசையிலிருந்து நரம்பு முனைக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் அதை எட்டிப் பிடிப்பது கடினம். அதனால்தான் வேறொரு உடம்பில் ஏற்கனவே தயாரான ஆன்டிபாடியை, அதாவது உன் கேள்வியில் வந்த இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே இறக்குகிறோம். சீரம் என்று நாங்கள் சொல்வதும் இதைத்தான். அது வைரஸின் மேற்பரப்புப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். வைரஸ் நரம்பைப் பற்ற முடியாது. கடிபட்ட இடத்தில் அவ்வளவு குத்துவதற்குக் காரணம் இதுதான். வைரஸ் இருக்கும் இடத்தில் மருந்து இருக்க வேண்டும்.

எடை பார்த்தது அளவு கணக்கிட. குதிரையிலிருந்து எடுத்த சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். 32 கிலோவுக்கு 1280 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பியில் நாலு மில்லிக்குச் சற்று மேல் வரும். மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20 யூனிட்தான், 640 போதும். கணக்குக்கு மேல் போடக் கூடாது. வெளியிலிருந்து வரும் ஆன்டிபாடி கூடிப்போனால் தடுப்பூசியின் ஆன்டிஜெனையும், அதாவது உடம்பு அடையாளம் காண வேண்டிய வைரஸ் புரதத்தையும் மூடிவிடும், உடம்பு தானாகத் தயாரிப்பது குறையும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்காததும், ஒரே இடத்தில் போடாததும் இதற்காகவே.

கொய்யாமரம்:
அக்கா, இப்போதுதான் பிடிபடுகிறது. காயத்தில் போட்டது வெளியிலிருந்து தயாராக வரும் மந்தமான தடைகாப்பு, கையில் போட்டது உடம்பே உருவாக்கும் செயல்மிகு தடைகாப்பு. ஒன்று இன்றைக்கு, மற்றது அடுத்த வாரத்துக்கு.

மாமரத்தடி மாமா:
நான் சொல்ல வந்தது என் கதை. சின்ன வயதில் கடித்தபோது தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். ஒரு மாதம் கோழி, மீன், புளி எதுவும் தொடவிடவில்லை என் ஆத்தா. பிறகு 2021-ல் மறுபடி கடித்தது. அப்போது கையில் ஊசியும் காயத்தில் ஊசியும் முழுதாகப் போட்டார்கள். 2024-ல் பக்கத்து வீட்டு நாயே கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டே நாள் ஊசி, முதல் நாளும் மூன்றாம் நாளும். காயத்தில் ஒன்றும் போடவில்லை. மருந்து இல்லாமல்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். பத்தியம் என்ன இருக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பிளஸ்டூ உயிரியல்:
மாமா, உங்களுக்குச் செய்தது சரிதான். 2021-ல் போட்ட ஊசியால் உங்கள் உடம்பில் நினைவு செல்கள் உருவாகிவிட்டன. அவை மூன்று வருஷமாக ரத்தத்தில் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருந்தன. அதனால் புதிதாகச் சீரம் தேவையில்லை. நாளைக்கு எனக்கும் இந்தப் பாடத்தில் தேர்வு!

விடைத்தாள் டீச்சர்:
முடிவு சரி கண்ணா, நடுவில் ஒரு வரி தவறு. நாளை அதை அப்படியே எழுதிவிடாதே.

நினைவு செல் ஆன்டிபாடியைச் சுரப்பதில்லை, காத்திருக்கிறது. அதே ஆன்டிஜென் திரும்ப வரும்போது வேகமாகப் பெருகி, அதில் பெரும்பகுதி பிளாஸ்மா செல்லாக மாறுகிறது. சுரப்பது அந்த பிளாஸ்மா செல்தான். மாமாவின் ரத்தத்தில் 2021-க்குப் பிறகு கொஞ்சம் ஆன்டிபாடி ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தந்தவை எலும்பு மஜ்ஜையில் நெடுநாள் வாழும் பிளாஸ்மா செல்கள். இரண்டும் ஒரே பி செல் வழி வந்தவை, ஆனால் வேலை வேறு.

ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு நாளுக்கு நாள் மாறுவதை வரைபடமாகக் கேட்டால் மாமாவின் கதையையே வரை. முதல் கோடு 2021. ஊசி போட்டதும் சில நாள் கோடு தரையோடு போகும், பிறகு மெல்ல ஏறும். முதலில் வருவது ஐஜிஎம் வகை ஆன்டிபாடி, பின்னால் ஐஜிஜி வகை. உச்சமும் பெரிதாக இருக்காது, சீக்கிரம் சரியும். இரண்டாவது கோடு 2024. தாமதம் மிகக் குறைவு, ஏற்றம் செங்குத்து, உச்சம் பல மடங்கு, பெரும்பாலும் ஐஜிஜி. அந்த ஆன்டிபாடி ஆன்டிஜெனை முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும். நான் திருத்தும் தாள்களில் பலர் இரண்டாவது கோட்டை உயரமாக வரைந்துவிட்டு, அது தொடங்கும் இடத்தை முதல் கோடு மாதிரியே தள்ளிப் போட்டிருப்பார்கள். உயரத்துக்கு ஒரு மதிப்பெண் என்றால், சீக்கிரம் தொடங்குவதற்கும் ஒன்று உண்டு. மாமாவுக்குக் காயத்தில் சீரம் தேவைப்படாமல் போனதே அந்தச் சீக்கிரத் தொடக்கத்தால்தான்.

வார்டு அக்கா:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. மாமா, உங்கள் தொப்புள் ஊசியை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அது ஆட்டு மூளையில் வளர்த்த பழைய மருந்து. அதை மட்டும் போட்டவரை இதுவரை ஊசியே போடாதவராக வைத்துத்தான் சிகிச்சை தருவோம். 2021-ல் முழுதாக முடித்த சீட்டு இருந்ததால்தான் இரண்டு ஊசியோடு விட்டார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பத்தியம் ஒன்றும் இல்லை, கோழி, மீன் தாராளமாகச் சாப்பிடலாம்.

மாமரத்தடி மாமா:
சீட்டு இருக்கிறது, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். அந்த நர்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

மாட்டு டாக்டர் மாணவன்:
கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு. எங்களுக்குக் கடிக்கு முன்பே தடுப்பூசி போட்டார்கள். நான் வேறு காரணத்துக்காக ரத்தம் பரிசோதித்துப் பார்த்தேன். ஆன்டிபாடி மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும் என்பது அளவுகோல். எனக்கு அதற்குக் கீழே வந்தது. அப்படியானால் என் நினைவு செல்களும் போய்விட்டனவா? ஒரு பூஸ்டர் போட்டுக்கொண்டேன், ஏறிவிட்டது. ஆனால் கேள்வி இன்னும் இருக்கிறது.

விடைத்தாள் டீச்சர்:
ஒரே பூஸ்டரில் சட்டென்று ஏறியது என்றால் நினைவு செல் இருந்தது என்றுதான் அர்த்தம் தம்பி. இல்லாவிட்டால் மறுபடி முதல் கோடு மாதிரி மெல்லத்தான் ஏறியிருக்கும்.

மாட்டு டாக்டர் மாணவன்:
ஆனால் டீச்சர், நான் ரத்தம் கொடுத்தது பூஸ்டருக்கு ஒரு மாதம் கழித்து. சட்டென்று ஏறியதா, மெல்ல ஏறியதா என்று அதில் தெரியாதே. ஏழாம் நாளே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். சாதாரண லேப்பில் அளப்பது ஆன்டிபாடியைத்தான், நினைவு செல்லை யாரும் எண்ணிச் சொல்வதில்லை. எங்களைப் போல் தினமும் நாயைத் தொடுபவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

விடைத்தாள் டீச்சர்:
ஒரு மாதம் என்று நீ முதலில் சொல்லவில்லை. அப்படியென்றால் உன் முடிவை வைத்து நான் சொன்னதை உறுதி செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆன்டிபாடி குறைந்ததாலேயே நினைவு போய்விட்டது என்றும் எழுதக் கூடாது. தேர்வில் பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பிளஸ்டூ உயிரியல்:
அப்போ சீரம் போட்டால் நினைவு செல் வருமா வராதா? கொய்யாமரம் அக்காவின் தம்பிக்கு இரண்டும் போட்டிருக்கிறார்களே.

கொய்யாமரம்:
இதை நான் முயன்று பார்க்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். காயத்தில் போட்ட சீரத்தால் வராது. அது தம்பியின் பி செல்கள் தயாரித்தது இல்லை, சில வாரத்தில் சிதைந்து போய்விடும், எந்தத் தடமும் விடாது. நினைவு முழுக்கக் கையில் போட்ட ஊசியால் வருவது. அதனால்தான் சீரம் ஒரு தடவையோடு நின்றுவிட்டது, தடுப்பூசிக்கு மட்டும் 3, 7, 28 என்று வரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆன்டிஜெனைக் காட்டக் காட்ட செல்கள் கூடுகின்றன. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு ஊசியும் இந்தச் சீரம் மாதிரிதான், ஒரு தடவை போட்டதால் அடுத்த கடிக்குப் பாதுகாப்பு கிடையாது.

வார்டு அக்கா:
அவ்வளவும் சரி தங்கச்சி. இதை எழுதியிருந்தால் ஐந்தும் வந்திருக்கும்.

நெல்வயல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுப் பெண்ணை நாய்க்குட்டி கடித்து ஒன்பது நாள் ஆகிறது. விரலில் ரத்தம் வந்தது. தடுப்பூசி மட்டும் அன்றைக்கே தொடங்கிவிட்டார்கள், சீரம் இருப்பு இல்லை, வந்ததும் போடலாம் என்றார்கள். இப்போது வேறு இடத்தில் சீரம் கிடைக்கிறது. கூட்டிப்போய்ப் போட்டுவிடவா?

வார்டு அக்கா:
முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் என்றால் உடனே போடச் சொல்லியிருப்பேன். அதைத் தாண்டிவிட்டால் போடுவதில்லை. இந்நேரம் குழந்தையின் உடம்பே ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கியிருக்கும், வெளி ஆன்டிபாடி அதற்கு இடைஞ்சலாகலாம். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஊசி போட்டாயிற்றா? எதுவும் விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே சீட்டோடு டாக்டரைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். அந்தக் குட்டி இப்போது எப்படி இருக்கிறது? உயிரோடு, நன்றாகச் சாப்பிடுகிறதா என்பதையும் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெல்வயல்:
இரண்டு நாளும் போட்டாயிற்று அக்கா, 28-ஆம் நாள்தான் பாக்கி. கடித்த மறுநாளிலிருந்தே அந்தக் குட்டியைக் காணவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு இப்போதே டாக்டரிடம் கிளம்புகிறேன்.